விலை பேசப்படாத இரண்டு கோடியே எண்பது இலட்சம்

கட்டடம் ஒன்றுக்கான பி.ஓ.கியூ. பட்டியலைப் புரட்டினால், அதில் பெரும்பாலான வரிகள் ஒரே அமைப்பில் இருக்கும். முதலில் வேலையின் விவரம், அடுத்து அளவு, அலகு, அலகுக்கான விலை, கடைசியில் தொகை. அத்திவாரக் குழி இத்தனை கன மீற்றர், கன மீற்றருக்கு இவ்வளவு; சுவருக்குப் பூச்சு இத்தனை சதுர மீற்றர், சதுர மீற்றருக்கு இவ்வளவு. இடையிடையே வேறு மாதிரியான சில வரிகள் வரும். ‘லிஃப்ட் வழங்கிப் பொருத்துவதற்கு, பி.எஸ்., 70 இலட்சம் ரூபா’ என்று ஒரே வரி. அளவும் இருக்காது, அலகு விலையும் இருக்காது. அந்த இரண்டெழுத்தின் விரிவு புரொவிஷனல் சம். இன்னும் முடிவாகாத ஒரு வேலைக்காக ஒப்பந்தத்துக்குள் முன்கூட்டி ஒதுக்கி வைக்கும் தொகை அது.

அந்த 70 இலட்சத்தை எழுதியவர் யார் என்பதைக் கட்டட உரிமையாளர் பலர் கேட்பதே இல்லை. மற்ற வரிகளில் விலையை நிரப்புகிறவர் ஒப்பந்தகாரர். பி.எஸ். வரியில் தொகையைத் தட்டச்சு செய்கிறவர் உரிமையாளரின் பக்கத்து ஆள்: அவருடைய கட்டடக் கலைஞர், அல்லது என்னைப் போன்ற கியூ.எஸ்., அதாவது அளவையும் செலவையும் கணக்கிடுகிறவர். விலைமனு கோருவதற்கு முன்பே அது அச்சாகிவிடும். விலைமனு போடும் அத்தனை ஒப்பந்தகாரரும் அதே எண்ணை அப்படியே எடுத்துக் கூட்டலில் சேர்த்துக்கொள்வார்கள். கடைசியில் கிடைக்கும் மொத்தத் தொகை முழுவதும் ஒப்பந்தகாரர் சொன்ன விலை போலத் தோன்றும். உண்மையில் அதில் ஒரு பகுதி, உரிமையாளரின் ஆட்கள் போட்ட மதிப்பீடு ஒப்பந்தகாரரின் கையெழுத்தோடு திரும்பி வந்ததுதான்.

இதை ஒரு கணக்கோடு பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் நான்கு மாடித் தங்குவிடுதி ஒன்று; 2021 இன் கடைசியில் ஒப்பந்தம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. வேலையின் வகைகளும் நடைமுறையும் இலங்கையில் அன்றாடம் பார்ப்பவை. பட்டியலில் மொத்தம் 2 கோடியே 80 இலட்சம் பி.எஸ். இருக்கிறது. லிஃப்டுக்கு 70 இலட்சம், ஏசிக்கு 85, தீயணைப்பு ஏற்பாட்டுக்கு 30, மின்சார சபை இணைப்புக்கு 25, முகப்புக் கண்ணாடி வேலைக்கு 50, நிலத்தடிப் பாறையில் பொந்து இருந்தால் அதைச் சரிப்படுத்த 20. முதல் ஐந்தும் வெளியாரிடம் வாங்க வேண்டியவை. அவற்றின் கூட்டு 2 கோடியே 60 இலட்சம். கடைசியாக உள்ளதை ஒப்பந்தகாரர் தன் ஆட்களை வைத்தே செய்வார்.

வெளியாரிடம் வாங்கும் வேலைக்கு, அதை ஒழுங்குபடுத்தி நடத்தும் மேற்செலவுக்கும் இலாபத்துக்கும் என ஒப்பந்தகாரர் ஒரு வீதம் கேட்பார். பட்டியலில் பி.எஸ். வரிக்குக் கீழே அதற்காக ஒரு வெற்றிடம் விட்டிருப்போம். இந்த விடுதிக்கு இருவர் விலைமனு போட்டார்கள் என்று வையுங்கள். முதலாமவர் அளந்த வேலைகளுக்கு 9 கோடியே 20 இலட்சம் போட்டு, வீதத்தை 5 என்று எழுதினார். இரண்டாமவர் அளந்த வேலைகளை 8 கோடியே 90 இலட்சத்துக்கு இறக்கி, வீதத்தை 15 என்று எழுதினார். கூட்டிப் பார்த்தால் முதலாமவருக்கு 12 கோடியே 13 இலட்சம். இரண்டாமவருக்கு 12 கோடியே 9 இலட்சம். நான்கு இலட்சம் குறைவு என்று இரண்டாமவருக்கு வேலை போகிறது.

இப்போது அந்த 2 கோடியே 60 இலட்சம் வளர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 3 கோடியில் இருவரும் சமமாகிவிடுவார்கள். அதைத் தாண்டும் ஒவ்வொரு இலட்சத்துக்கும் இரண்டாமவர் பத்தாயிரம் ரூபா கூடுதலாகப் பெறுவார். 3 கோடியே 80 இலட்சமானால், மலிவு என்று தேர்ந்தெடுத்த ஆளே 8 இலட்சம் அதிக விலையாகிவிடுகிறார். அவர் ஏமாற்றவில்லை. ஒதுக்கிய தொகை போதாது என்பதை அனுபவத்தால் ஊகித்து, போட்டி இருக்கும் இடத்தில் விலையை இறக்கி, போட்டி குறைந்த இடத்தில் ஏற்றினார். அந்த ஊகத்தை உரிமையாளரின் ஆலோசகர் முதலில் செய்திருக்க வேண்டும். விலைமனுக்களை ஒப்பிடும்போது பி.எஸ். இப்போதுள்ளபடி இருந்தால் யார் மலிவு, ஒன்றரை மடங்கானால் யார் மலிவு என்று இரண்டு விதமாகவும் கூட்டிக் காட்டியிருக்க வேண்டும். அரை மணி நேர வேலை அது.

ஒப்பந்தம் கைச்சாத்தாகும் நாளில் உரிமையாளர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்.

“தம்பி, அப்ப 12 கோடியே 9 இலட்சத்துக்கு மேல ஒரு சதமும் போகாதுதானே?”

“அப்பிடிச் சொல்ல ஏலாது ஐயா. அதுக்குள்ள 2 கோடியே 80 இலட்சம் நாங்கள் போட்ட கணக்கு. அவர் அந்தத் தொகைக்குச் செய்து தாறன் எண்டு எங்கயும் சொல்லேல்லை.”

“அவர் கையெழுத்து வைச்சவர்தானே?”

“வைச்சவர். ஆனா அந்த வரியளைக் கழிச்சுப்போட்டு உண்மையான செலவைப் போடலாம் எண்டுதான் ஒப்பந்தத்தில இருக்கு. கூடினா நீங்கள் குடுக்கோணும், குறைஞ்சா உங்களுக்கு மிச்சம்.”

இதற்கு மேல் நீட்டாமல் பேச்சு அநேகமாக அங்கேயே நின்றுவிடும், நின்றுவிடக் கூடாது. ‘உண்மையான செலவைப் போடலாம்’ என்ற அந்தச் சிறிய வாக்கியத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை உரிமையாளர் அறிய வேண்டும்.

இலங்கையில் பெரிய கட்டட வேலைகளுக்குப் பயன்படும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் ஒப்பந்த ஆவணம், ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியியல் கூட்டமைப்பின் நிபந்தனைகளை அடியொற்றியது. ஃபிடிக்கின் 1999 சிவப்புப் புத்தகத்தில் 13.5 ஆம் பிரிவு இதைப் பற்றியது. அதன்படி பி.எஸ். தொகையைப் பொறியியலாளரின் அறிவுறுத்தல் இல்லாமல் தொட முடியாது. அறிவுறுத்தல் இரண்டு விதமாக வரலாம். ஒப்பந்தகாரரையே செய்யச் சொன்னால், அது மாற்று வேலை ஒன்றைப் போல விலை மதிக்கப்படும். வெளியாரிடம் வாங்கச் சொன்னால், உண்மையில் கொடுத்த தொகையும் அதன் மேல் மேற்சொன்ன வீதமும் சேர்த்துத் தரப்படும். பற்றுச்சீட்டு, விலைக்கோரல் எல்லாவற்றையும் காட்டும்படி பொறியியலாளர் கேட்கலாம். ஒதுக்கிய தொகை ஒரு உச்சவரம்பு என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2006 இல் எம்6 கட்டணச் சாலை தொடர்பான வழக்கொன்றில் இதே பொருளைத்தான் விளக்கியது: ஒப்பந்த விலையின் கூட்டலில் அந்தத் தொகை சேர்ந்திருந்தாலும், அது மாறாமல் அப்படியே கொடுக்கப்படும் என்று இரு தரப்பும் எதிர்பார்ப்பதில்லை.

லிஃப்டை எடுத்துக்கொள்வோம். 2021 இறுதியில் ஒரு முகவர் கொடுத்த உத்தேச விலை 28,000 டொலர். அன்று வங்கியில் டொலர் ஒன்று ஏறக்குறைய 203 ரூபா. ஆகவே 56 இலட்சத்து 84 ஆயிரம். உள்ளூர்ப் பொருத்தல் செலவு 8 இலட்சம். கொஞ்சம் தாராளமாக 70 இலட்சம் என்று எழுதினோம். அன்றைக்கு அது நேர்மையான எண்தான். ஆனால் லிஃப்டை ஓடர் பண்ணுவது கட்டடம் இரண்டாம் மாடி தாண்டிய பிறகு என்று திட்டமிட்டிருந்தோம். 2022 மார்ச் 7 இல் மத்திய வங்கி ரூபாவை நெகிழவிட்டது. மே மாதம் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அதே 28,000 டொலர் இப்போது ஒரு கோடியே 80 ஆயிரம். பொருத்தல் செலவும் 11 இலட்சமாகிவிட்டது. ஆக ஒரு கோடியே 11 இலட்சத்து 80 ஆயிரம்.

அதோடு முடியவில்லை. ஒப்பந்தகாரரின் 15 வீதம் 70 இலட்சத்துக்குப் பத்தரை இலட்சமாக இருந்தது. இப்போது 16 இலட்சத்து 77 ஆயிரம். அவர் செய்யும் வேலை ஒன்றும் கூடவில்லை. அதே லிஃப்ட், அதே கடிதங்கள். விலை ஏறியதால் அதன் வீதமும் ஏறியது. அடுத்தது பெறுமதி சேர் வரி, அதாவது வற். ஒப்பந்தம் செய்தபோது அது 8 வீதம். 2022 ஜூனில் 12 ஆகி, செப்டெம்பரில் 15 ஆனது. 2024 ஜனவரியில் 18. செப்டெம்பருக்குப் பின் பட்டியல் போட்டால், ஒப்பந்த நாளில் வரியோடு சேர்த்து 86 இலட்சத்து 94 ஆயிரமாக இருந்த லிஃப்ட், ஒரு கோடியே 47 இலட்சத்து 86 ஆயிரத்தில் வந்து நிற்கும். ஒரே வரியில் ஏறத்தாழ 61 இலட்சம் கூடுதல். சுங்கத் தீர்வைகளை எளிமைக்காக இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாணயம் விழுந்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அளந்த வேலைகளிலும் அந்த ஆண்டு கம்பியும் சீமெந்தும் ஏறின. அங்கே விலையேற்றச் சூத்திரம் ஒப்பந்தத்தில் இருந்தால் ஒரு பங்கு உரிமையாளருக்கு, மீதி ஒப்பந்தகாரருக்கு என்று பாரம் பிரிந்தது. சூத்திரம் இல்லாத சிறிய ஒப்பந்தங்களில் ஒப்பந்தகாரர்கள் நொடிந்தே போனார்கள். பி.எஸ். வரியில் இந்தப் பிரிவினை கிடையாது. முழுப் பாரமும் உரிமையாளருடையது. லிஃப்டின் மாதிரியை விலைமனுவுக்கு முன்பே தீர்மானித்து, அதை ஒரு சாதாரண வரியாகப் பட்டியலில் சேர்த்திருந்தால், அதன் விலையை ஒப்பந்தகாரர் சொல்லியிருப்பார். வேலை கிடைத்த கையோடு ஓடர் போட்டு விலையைக் கட்டிப்போடும் அக்கறையும் அவருக்கு இருந்திருக்கும். பி.எஸ். ஆக இருந்தபோது அவசரப்பட வேண்டிய காரணம் அவருக்கு எதுவும் இல்லை. தாமதத்தால் அவருடைய வீதம் பெருகியதே தவிரக் குறையவில்லை.

லிஃப்ட் இன்னொரு விதத்திலும் செலவு வைக்கும். லிஃப்ட் கூண்டுக்குக் கீழே ஒரு குழி வேண்டும். அதன் ஆழமும் தண்டின் அகலமும் மேலே விட வேண்டிய உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி, மாதிரிக்கு மாதிரி வேறுபடும். மாதிரி முடிவாகாமல் அத்திவாரம் போட்டால், வரைபடக்காரர் ஒரு ஆழத்தை ஊகித்துப் போடுவார். பின்னர் வந்த லிஃப்ட் கூடுதல் ஆழம் கேட்டால், யாழ்ப்பாணத்தில் அது வெறும் கொங்கிரீட் உடைக்கிற வேலையோடு முடியாது. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடங்களில் நீரை இறைத்து, அடித்தளத்தை மீண்டும் கட்டி, நீர்க்கசிவுத் தடுப்பைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். இந்தச் செலவு பி.எஸ். வரியில் தோன்றாது, கொங்கிரீட், பூச்சு, நீர்த்தடுப்பு என்று அளந்த வேலைகளின் பக்கங்களில் சிதறி வரும். மாத முடிவில் கணக்கைப் பார்க்கும் உரிமையாளருக்கு அது லிஃப்டின் விலை என்றே தெரியாது.

அடுத்தது அந்த 20 இலட்சம். குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் காலகாலமாக அதைக் கரைத்து உள்ளே குகைகளையும் பொந்துகளையும் உண்டாக்கியிருக்கிறது. நவக்கிரி நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறையின் சுபாவத்தைத் தனியாக விளக்கத் தேவையில்லை. ஒரு காணியில் நான்கு இடத்தில் துளையிட்டுச் சோதித்தாலும், ஐந்தாவது தூணின் கீழே என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ‘பொந்துகள் காணப்பட்டால் சரிப்படுத்த, பி.எஸ்., 20 இலட்சம்’ என்று ஒரு வரி. எத்தனை பொந்து, எவ்வளவு பெரியது, எப்படி நிரப்புவது என்று எதுவும் இல்லை.

இங்கே தொகையைவிடக் காலம் பெரிய ஆபத்து. பிரித்தானியாவில் ஆர்.ஐ.சி.எஸ். நிறுவனம் 2012 இல் வெளியிட்ட என்.ஆர்.எம். 2 அளவை விதிகளும், அதற்கு முன் 1988 முதல் இருந்த எஸ்.எம்.எம். 7 விதிகளும் புரொவிஷனல் சம்மை இரண்டாகப் பிரிக்கின்றன. வேலை என்ன, கட்டடத்தில் எங்கே எப்படிச் சேர்கிறது, ஏறக்குறைய எவ்வளவு, என்ன கட்டுப்பாடுகள் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் அது விவரம் சொன்ன பி.எஸ். அதற்கான நாட்களையும் மேற்பார்வைச் செலவையும் ஒப்பந்தகாரர் தன் திட்டத்திலும் விலையிலும் முன்கூட்டியே சேர்த்திருக்கிறார் என்று கொள்ளப்படும். இவற்றைச் சொல்லாமல் தொகையை மட்டும் எழுதினால் அது விவரம் சொல்லாத பி.எஸ்.; அவர் அதற்கென்று ஒரு நாளையும் ஒதுக்கவில்லை என்று பொருள். ஃபிடிக்கில் இந்தப் பிரிவினை இல்லை. ஆயினும் பொறியியலாளர் மாற்று வேலையாக அறிவுறுத்தி, அதனால் முடிவுத் திகதி தள்ளிப்போனால், கால நீடிப்புக் கோரிக்கைக்கு அங்கும் வழி திறக்கும்.

நம் விடுதியில் இரண்டு தூண்களின் கீழே பொந்து கண்டதாக வைத்துக்கொள்வோம். வேலை நிற்கிறது. மண் ஆய்வாளர் வருகிறார், துளையிடுகிறார், அறிக்கை தருகிறார். கட்டமைப்புப் பொறியியலாளர் அத்திவாரத்தை மாற்றி வரைகிறார். பொந்துக்குள் கொங்கிரீட்டும் சீமெந்துக் குழம்பும் இறக்குகிறார்கள். நேரடி வேலைக்கு 18 இலட்சம். ஒதுக்கியதைவிட 2 இலட்சம் குறைவு என்று மாத அறிக்கையில் மகிழ்ச்சியாக எழுதலாம். ஆனால் இதற்கு ஆறு வாரம் போயிருக்கிறது. சைட் அலுவலகம், காவல், மேற்பார்வையாளர் சம்பளம், இயந்திர வாடகை, காப்புறுதி என்று சைட்டை நடத்தும் பொதுச்செலவை பிரிலிமினரி என்ற தலைப்பில் ஒப்பந்தகாரர் பதினைந்து மாதத்துக்கு 90 இலட்சம் என்று போட்டிருக்கிறார். மாதத்துக்கு 6 இலட்சம். ஆறு வாரத்துக்கு 9 இலட்சம் அவர் கோருவார். அது பெரும்பாலும் நியாயமான கோரிக்கையாகவே இருக்கும். பொந்து அடைத்த செலவு 27 இலட்சம் என்பதுதான் உண்மை. விடுதி ஆறு வாரம் தாமதமாகத் திறப்பதால் போகும் வருமானமும், வங்கிக் கடனின் வட்டியும் இதற்கு வெளியே.

இந்த வரியை பி.எஸ். ஆக எழுதியதே தவறு என்பது என் எண்ணம். பொந்து எவ்வளவு என்று தெரியாதே தவிர, அதை எப்படி அடைப்பது என்பது தெரியும். ஆகவே துளையிடுதலை மீற்றர் கணக்கில், நிரப்பும் கொங்கிரீட்டைக் கன மீற்றர் கணக்கில், சீமெந்துக் குழம்பை மூட்டைக் கணக்கில் எழுதி, அளவை மட்டும் உத்தேசமாகப் போட்டிருக்கலாம். இதை உத்தேச அளவு வரி என்போம். அளவு பின்னர் சைட்டில் அளக்கப்படும். ஆனால் அலகு விலையை ஒப்பந்தகாரர் விலைமனு போடும் நாளிலேயே, மற்றவர்களோடு போட்டியில் இருக்கும்போதே சொல்லிவிடுவார். பொந்தைக் கண்டபின், குழி திறந்து கிடக்க, வேறு யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் விலை பேசுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. வேலையின் தன்மை தெரிந்து அளவு மட்டும் தெரியாத இடமெல்லாம் இப்படி எழுதத்தக்கது. தன்மையே தெரியாத இடத்துக்குத்தான் புரொவிஷனல் சம்.

பிறகு ஏன் எங்கும் பி.எஸ். வரிகள் பெருகிக் கிடக்கின்றன? சில காரணங்கள் நியாயமானவை. மின்சார சபை எந்தக் கம்பத்திலிருந்து இணைப்புத் தரும், தனி ட்ரான்ஸ்போமர் கேட்குமா என்பது விண்ணப்பித்து மதிப்பீடு வரும்வரை யாருக்கும் தெரியாது. சில காரணங்கள் அப்படியல்ல. உரிமையாளர் நல்ல நாள் பார்த்து அடிக்கல் நாட்ட அவசரப்படுகிறார், ஏசி வரைபடம் முடியவில்லை, ‘பி.எஸ். போட்டு விடுவோம்’ என்று ஆலோசகர் சொல்கிறார். வடிவமைப்பு வேலை ஒன்று முடியாமல் கிடப்பது அந்த ஒரு வரியால் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. வரைபடத்துக்கான கட்டணம் மட்டும் முழுதாகப் போயிருக்கும்.

இன்னும் கவலைக்குரிய காரணம் ஒன்று உண்டு. வங்கி 12 கோடிக்குத்தான் கடன் தருகிறது, மதிப்பீடோ 13 கோடிக்கு வருகிறது என்றால், எங்காவது ஒரு கோடியைக் குறைக்க வேண்டும். அளந்த வேலைகளில் குறைக்க முடியாது. சுவரின் நீளம் வரைபடத்தில் இருக்கிறது. பி.எஸ். வரிகளில் குறைக்கலாம். முகப்புக் கண்ணாடிக்கு 90 என்றிருந்ததை 50 ஆக்கலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், அன்று எல்லோருக்கும் நிம்மதி. ஒன்றரை ஆண்டு கழித்து, சுவர்கள் எழும்பி முகப்பு திறந்து கிடக்கும்போது அந்த 40 இலட்சத்தை உரிமையாளர் தேட வேண்டும். அப்போது வங்கியில் புதுக் கடனுக்குப் போவதென்றால் வேறு வட்டி, வேறு ஈடு. வாடிக்கையாளர் கேட்க விரும்பும் எண்ணுக்காக பி.எஸ். தொகையை இறக்குவது அவருக்குச் செய்யும் உதவியாகாது. அந்த நேரத்தில் மறுத்துப் பேசுவதற்குத்தான் கியூ.எஸ். ஒருவருக்குச் சம்பளம்.

இந்தத் தொகைகள் மெலிந்தவை என்று எப்படிக் கண்டுகொள்வது? விவரம் ஒரே வரியில் முடிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். 70 இலட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இன்ன நாளில் இன்னாரிடம் வாங்கிய விலைக்கோரல் என்று ஒரு தாளைக் காட்ட முடிய வேண்டும். அந்தத் தொகைக்குள் வரி உண்டா, சுங்கத் தீர்வை உண்டா, ஒப்பந்தகாரரின் வீதம் உள்ளேயா வெளியேயா, சாரமும் மின்சாரமும் சுவரில் துளை இடுவதும் யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ஏசி ஆட்கள் வந்து நிற்க, சாரம் எங்கள் விலையில் இல்லை என்று ஒப்பந்தகாரர் சொல்வதும், எங்கள் விலையிலும் இல்லை என்று அவர்கள் சொல்வதும் சைட்டுகளில் வழக்கமான சண்டை. பட்டியலின் கடைசியில் கொன்டின்ஜென்சி என்று தனியாக ஒரு வீதம் ஒதுக்கியிருந்தால், அது எதிர்பாராத செலவுக்கானது, பி.எஸ். வரிகளின் போதாமையை நிரப்ப அதை முன்கூட்டியே மனதில் செலவழித்துவிடக் கூடாது.

விலை ஏறியதைக் கண்ட சில உரிமையாளர்கள், அந்த வேலையை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துத் தெரிந்த ஒருவரிடம் நேராகக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பார்கள். 15 வீதமாவது மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஃபிடிக் 1999 நிபந்தனைகளில் ஒரு வேலையை நீக்க இடமுண்டு. ஆனால் வேறொருவரைக் கொண்டு செய்விப்பதற்காக நீக்க இடமில்லை. இங்கிலாந்தில் 1996 இல் தீர்ப்பான அமெக் பில்டிங் எதிர் கட்மஸ் வழக்கில், வணிக வளாகம் ஒன்றின் உணவுக்கூட வேலை புரொவிஷனல் சம் ஆக இருந்தது. அதை எடுத்து மற்றவர்களிடம் கொடுத்ததற்காக, ஒப்பந்தகாரர் இழந்த இலாபத்துக்கு அவருக்கு இழப்பீடு கிடைத்தது. பி.எஸ். என்பதால் அது யாருக்கும் சொந்தமில்லாத வேலை ஆகிவிடாது. பின்னர் பிரித்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், அந்த உரிமையை விலைமனு ஆவணத்திலேயே தெளிவாக எழுதி வைக்க வேண்டும்.

மொத்தத் தொகையை உரிமையாளரிடம் ஒரே எண்ணாகச் சொல்வதை நான் தவிர்க்கிறேன். ஒப்பந்தகாரர் விலை சொன்ன 8 கோடியே 90 இலட்சம் ஒரு வரியில். நாம் ஊகித்த 2 கோடியே 80 இலட்சம் தனி வரியில். அந்த இரண்டாவது வரியை ஒவ்வொரு வேலைக்கும் மூன்று எண்ணாகப் பிரித்துக் காட்டுவேன்: எல்லாம் நன்றாகப் போனால், பெரும்பாலும் நடக்கக்கூடியது, மோசமாகப் போனால். பாறைப் பொந்துக்கு அது 5, 20, 60 இலட்சம் என்று அகன்றிருக்கும். தீயணைப்புக்கு 27, 30, 36 என்று ஒடுங்கியிருக்கும். எங்கே பணத்தைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும், எங்கே இப்போதே கொஞ்சம் செலவழித்து நிச்சயத்தை வாங்கலாம் என்பது அந்த இடைவெளிகளைப் பார்த்தவுடன் உரிமையாளருக்கே தெரிந்துவிடும். இன்னும் நான்கு துளையிட்டு நிலத்தைச் சோதிக்க ஆகும் செலவு, 60 இலட்சத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சிறியதாகவே இருக்கும். டொலரில் வாங்க வேண்டிய வரிகளுக்குப் பக்கத்தில், எந்த மாற்று விலையில் கணக்கிட்டோம் என்பதையும் டொலர் பத்து ரூபா ஏறினால் எவ்வளவு கூடும் என்பதையும் எழுதுவேன். நம் லிஃப்டுக்கு அது, வீதமும் வரியும் சேராமல், 2 இலட்சத்து 80 ஆயிரம்.

கைச்சாத்துக்குப் பின், ஒவ்வொரு பி.எஸ். வரிக்கும் எதிரே ஒரு திகதி இருக்க வேண்டும்: இதற்குள் மாதிரி தெரிவாக வேண்டும், இதற்குள் விலைக்கோரல் வாங்க வேண்டும், இதற்குள் பொறியியலாளர் அறிவுறுத்தல் கொடுக்க வேண்டும். லிஃப்டின் திகதி, அதன் குழியை வெட்டத் தொடங்கும் நாளுக்கு முன்னால் வர வேண்டும். முகப்புக் கண்ணாடியின் திகதி, அதைத் தாங்கும் விளிம்பு விட்டங்களுக்குக் கொங்கிரீட் போடுவதற்கு முன்னால் வர வேண்டும். அந்தத் திகதிகளில் பெரும்பாலானவை உரிமையாளர் முடிவெடுக்க வேண்டிய நாட்கள். முதல் மாதாந்தக் கூட்டத்தில் அந்தத் தாளை மேசையில் வைத்து, எந்தெந்த நாளுக்குள் அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதை வரி வரியாக அவரோடு வாசித்துவிடுவது என் வழக்கம்.